டவர் இல்லை என்று ஆச்சி நினைத்த சனிக்கிழமை

காரைக்குடி செக்காலை ரோட்டில் பதினொரு வருஷமாக மொபைல் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், கவர், சார்ஜர், அதோடு தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் எடுத்துக் கொடுக்கிற வேலையும் உண்டு. இந்தப் பக்கத்தில் "டவர் கிடைக்கல" என்று யாராவது கடைக்கு வராத நாளே கிடையாது. செட்டிநாட்டு வீடுகளின் கட்டுமானம் அப்படி. ஒன்றரை, இரண்டு அடி கனத்தில் சுவர், தேக்குக் கதவு, கட்டுக்குப் பின் கட்டு. முகப்பில் நான்கு கோடு காட்டுகிற போன் இரண்டாம் கட்டுக்குப் போனால் ஒரு கோடு காட்டும், அடுப்படிப் பக்கம் அதுவும் போய்விடும். பேச வேண்டும் என்றால் திண்ணைக்கு வருவது இங்கே எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் நம்பரை வேறொருவர் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டால் முதலில் தெரிகிற அடையாளம் சிக்னல் போவதுதான். சிக்னல் போவது சகஜம் என்று பழகிய ஊரில் அந்த அடையாளம் யார் கண்ணிலும் படாது.

பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி கடைக்கு வருவார்கள். எழுபத்து மூன்று வயது. பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள், உதவிக்கு ஒரு அம்மா காலையில் வந்து மாலையில் போவார். மகன் சிங்கப்பூரில். வீட்டில் கேமரா வைப்பதற்காக அவர் பிராட்பேண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்த பிராட்பேண்ட் கதையில் மறுபடி வரும்.

நடந்ததை, பின்னால் அவர்கள் போனைப் பார்த்து நான் தேதி நேரத்தோடு கோர்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் இருபது நிமிஷத்துக்குள் மூன்று குறுஞ்செய்திகள். ஒன்று வங்கியின் இணையக் கணக்கில் பாஸ்வேர்டை மாற்ற ஓடிபி. இன்னொன்று மெயில் கணக்குக்கான குறியீடு. மூன்றாவது ஒரு ஷாப்பிங் ஆப்பில் நுழைவதற்கானது. ஆச்சி எதையும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. "ஓடிபியை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மகன் சொல்லியிருக்கான், நான் சொல்லல தம்பி" என்றார்கள். அந்த மட்டில் அவர்கள் செய்தது சரி.

ஆனால் கேட்காமல் வருகிற ஓடிபி ஒரு சேதியும் சொல்கிறது. தனியாக ஒன்று வந்தால் யாரோ தன் நம்பரைத் தப்பாக அடித்திருக்கலாம். என் நம்பருக்கே மாதத்தில் ஒன்றிரண்டு அப்படி வரும். சம்பந்தமில்லாத மூன்று இடங்களிலிருந்து அரை மணிக்குள் வந்தால் அது கைத்தவறு இல்லை. அந்த நம்பரோடு எந்த வங்கி, எந்த மெயில் சேர்ந்திருக்கிறது என்று ஒருவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறார். "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா" என்கிற பக்கத்தில் நம்பரைப் போட்டால், கணக்கு இருக்கிறதா இல்லையா என்பதைப் பல தளங்கள் காட்டிக்கொடுத்துவிடும். மெயில் முகவரியின் முதல் இரண்டு எழுத்து கூடத் தெரியும். ஓடிபி அவர் கைக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எங்கே தட்டினால் திறக்கும் என்ற விவரம் கிடைத்துவிடுகிறது. செய்திகள் குவிந்து கிடந்தால், பிறகு போன் கம்பெனியிலிருந்து வருகிற முக்கியமான செய்தியும் அதற்குள் புதைந்துபோகும்.

ஆச்சிக்கும் அதுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஒரு போன். கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பழைய சிம்மை நிறுத்தப் போகிறார்கள், 5ஜிக்கு மாற்ற வேண்டும், கடைக்கு அலைய வேண்டாம், கொஞ்ச நேரத்தில் பதிவு செய்த குரலில் ஒரு அழைப்பு வரும், ஒன்றை அழுத்தினால் போதும் என்றிருக்கிறான். ஓடிபி கேட்கவே இல்லை. அதனால் ஆச்சிக்குச் சந்தேகம் வரவில்லை. சொன்னபடி கம்பெனியின் உண்மையான தானியங்கி அழைப்பு வந்தது, ஆச்சி ஒன்றை அழுத்தினார்கள். அந்த அழைப்பு கேட்டது 5ஜிக்குப் போகலாமா என்று அல்ல. உங்கள் நம்பரை இ-சிம்முக்கு மாற்றச் சம்மதமா என்று, இங்கிலீஷில். கூடவே ஒரு குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது: சிம் மாற்றக் கோரிக்கை வந்துள்ளது, நீங்கள் கேட்கவில்லை என்றால் உடனே தெரிவிக்கவும். அது படிக்கப்படாமலே கிடந்தது.

இ-சிம் என்றால் கையில் பிடிக்கிற அட்டை இல்லாத சிம். ஒரு க்யூஆர் கோடு மெயிலில் போகும், அதை ஸ்கேன் செய்த போனில் நம்பர் உயிர் பெறும். என் கடைக்கு ஒருவர் மாற்று சிம் கேட்டு வந்தால் ஆதாரைப் பார்ப்பேன், முகத்தைப் படம் எடுப்பேன். அதை ஏமாற்றப் போலி ஆதாரும் ஆளும் வேண்டும், அல்லது கடைக்காரனே கூட்டாக இருக்க வேண்டும். இ-சிம் வழியில் திருடன் எந்தக் கடைப்படியும் ஏற வேண்டியதில்லை. உரிமையாளரையே ஒன்றை அழுத்த வைத்தால் போதும்.

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு மேல் ஆச்சி போனில் சிக்னல் இல்லை.

ஏன் போகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் நம்பர் சிம்முக்குள் இருப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். சிம்முக்கென்று தனி அடையாள எண் உண்டு. அதன் முதுகில் 8991 என்று தொடங்கும் நீளமான எண் அச்சிட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். இன்ன நம்பர் இன்ன சிம்முக்கு என்கிற கணக்கு கம்பெனியின் பதிவேட்டில்தான் இருக்கிறது. ஒரு நம்பருக்கு ஒரு சிம்தான். பதிவேட்டில் சிம்மை மாற்றி எழுதிய கொஞ்ச நேரத்தில் பழைய சிம்மை டவர் ஏற்காது. சிம் கெட்டுப்போகவில்லை, போனும் கெட்டுப்போகவில்லை. அந்தச் சிம்முக்கு ஊரில் இடம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். கடையில் மாற்று சிம் போட்டுக் கொடுக்கும்போது தினமும் பார்க்கிறேன். புதியது உயிர் பெறுகிற நேரத்தில் பழையது அணைந்துவிடும்.

ஆச்சி என்ன நினைத்தார்கள்? இரண்டாம் கட்டில் இருக்கிறோம், டவர் இல்லை என்று. முகப்புக்கு வந்து பார்த்தார்கள். அங்கேயும் இல்லை. சரி, டவரிலேயே ஏதோ வேலை நடக்கிறது என்று விட்டுவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு மகன் சிங்கப்பூரிலிருந்து வாட்ஸப்பில் வீடியோ கால் போட்டுப் பத்து நிமிஷம் பேசினார். பிராட்பேண்ட் இருக்கிறதே, வைஃபையில் வாட்ஸப் நன்றாகத்தான் ஓடும். அம்மாவும் மகனும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது அந்த நம்பர் கிட்டத்தட்ட மூன்று மணி நேரமாக வேறொருவன் போனில் இருந்தது. இருவருக்கும் தெரியாது. வைஃபை உள்ள வீட்டில் இது பெரிய கண்கட்டு. போன் வேலை செய்கிற மாதிரியே இருக்கும். திரையின் மேல்பக்கம் வைஃபை அடையாளத்துக்குப் பக்கத்தில் உள்ள சிக்னல் கோட்டை யாரும் பார்ப்பதில்லை.

மூன்று மணிக்கு மெயிலில் ஒரு அறிவிப்பு: உங்கள் கணக்கின் பாஸ்வேர்டை மீட்க முயற்சி நடந்தது. கால் மணி நேரத்தில் வாட்ஸப் தானாக வெளியேறியது. இந்த நம்பர் இப்போது வேறு போனில் பதிவாகியிருக்கிறது என்ற வாசகம் திரையில். ஆச்சி அதைப் பார்த்ததும் உதவிக்கு இருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் கடைக்கு வந்துவிட்டார்கள். நாலு மணி இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வியாழக்கிழமை எச்சரிக்கைகள் குறுஞ்செய்தியாக வந்தன. சனிக்கிழமை மெயிலிலும் வாட்ஸப் திரையிலும்தான் வந்தன. நம்பர் போன பிறகு குறுஞ்செய்தி நமக்கு வரவே வராது. "எனக்கு ஓடிபி எதுவும் வரலையே, அப்ப பிரச்சினை இல்லை" என்று பலர் நிம்மதியாக இருப்பது இந்தக் கட்டத்தில்தான். நம்பர் போவதற்கு முன்னால் குறுஞ்செய்தியைப் பார்க்க வேண்டும், சிக்னல் போன பிறகு மெயிலைப் பார்க்க வேண்டும். சிக்னலும் இல்லை, மெயிலில் கேட்காத மீட்பு அறிவிப்பும் வந்திருக்கிறது என்றால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

கடையில் நான் செய்த சோதனையைச் சொல்கிறேன். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம்கூட ஆகாது.

முதலில் திரை என்ன காட்டுகிறது என்று பார்த்தேன். `No SIM` என்று இருந்தால் சிம் நகர்ந்திருக்கும், அல்லது கெட்டிருக்கும். அது நம்பர் திருட்டின் முகம் இல்லை. ஆச்சி போனில் சிம் இருக்கிறது, `Emergency calls only` என்று காட்டியது. டவர் பழுதானாலும் இதே வாசகம்தான் வரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ரீசார்ஜ் முடிந்துவிட்டதோ என்றும் சிலர் கேட்பார்கள். ரீசார்ஜ் தீர்ந்தவுடன் பேச்சு நிற்கும், கோடுகள் அப்படியே நிற்கும்.

பிறகு போனை அணைத்துப் போட்டேன். மாற்றம் இல்லை. அதே கம்பெனி சிம் உள்ள என் இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்தேன். அதில் நான்கு கோடு. அப்படியானால் டவர் நன்றாக இருக்கிறது.

மூன்றாவதுதான் தீர்ப்பு. என் போனிலிருந்து ஆச்சி நம்பருக்கு அழைத்தேன். ஆச்சியின் போன் என் மேஜைமேல் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறது. என் காதில் ரிங் போகிறது. இரண்டு ரிங்கில் யாரோ துண்டித்தார்கள்.

அந்த நொடியில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆச்சி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் போனில் சிக்னல் இல்லாதபோது நம் நம்பரில் ரிங் போகிறது என்றால் நம்பர் வேறு எங்கோ உயிரோடு இருக்கிறது. நீங்களே கால் ஃபார்வர்டு போட்டு வைத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. தலைகீழாகச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "ஸ்விட்ச் ஆஃப்" என்றோ "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றோ வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். திருடன் அந்தப் போனை அணைத்து வைத்திருக்கலாம். அப்போது பக்கத்துப் போனில் சிக்னல் இருக்கிறதா என்பதையும் மெயிலையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சந்தேகம் என்றால் கம்பெனிக்கு அழைத்து, "என் நம்பரில் இன்றைக்குச் சிம் மாற்றம் ஏதாவது நடந்ததா" என்று நேராகக் கேட்டுவிடலாம்.

நான் அதைத்தான் அடுத்துச் செய்தேன். காலை 9.14க்கு இ-சிம் இயங்கத் தொடங்கியதாகச் சொன்னார்கள். நம்பரை உடனே முடக்கச் சொன்னேன். அதே நேரத்தில் கடைப்பையன் தன் போனில் ஆச்சியின் வங்கிக்கு அழைத்தான். ஆச்சி பேசி இணையக் கணக்கு, டெபிட் கார்டு, யுபிஐ மூன்றையும் நிறுத்தினார்கள். இரண்டு ஆள் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் நல்லது. புகார் எண்ணையும் நேரத்தையும் தாளில் எழுதி வாங்கினோம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவே காரணமாக இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பதற்கு ரூபாய் மதிப்பு உண்டு.

வங்கியில் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. காரணம் எங்கள் சுறுசுறுப்பு மட்டும் இல்லை. சிம் மாறினால் அடுத்த 24 மணி நேரத்துக்கு அந்த நம்பரில் குறுஞ்செய்தி வரவும் கூடாது, போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022ல் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. மாற்று சிம் வாங்குகிறவர்கள் "ஒரு நாள் மெசேஜ் வரமாட்டேங்குதே" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அந்த ஒரு நாள்தான் ஆச்சியின் பணத்தைக் காத்தது. வங்கி ஓடிபி திருடன் போனுக்கு வரவில்லை. யுபிஐ ஆப்பைப் புதுப் போனில் பதிய அந்த நம்பரிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும், அதுவும் போகவில்லை. அவன் ஞாயிறு காலை 9.14க்காகக் காத்திருந்தான்.

ஆனால் அந்தத் தடை அழைப்புகளுக்கு இல்லை. வாட்ஸப்பில் குறியீட்டைக் குறுஞ்செய்திக்குப் பதில் குரல் அழைப்பாகவும் வாங்கலாம். அப்படித்தான் அவன் மூன்றேகால் மணிக்கு உள்ளே போயிருக்கிறான். வாட்ஸப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்று ஆறு இலக்க எண் ஒன்று வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆச்சி அதை வைத்திருந்தால் குரல் அழைப்பு கிடைத்தும் அவனால் நுழைந்திருக்க முடியாது. வைக்கவில்லை. உள்ளே போனவன் உறவுக்காரர்கள் குழுவில், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரம் என்று ஆச்சி பெயரில் போட்டிருக்கிறான். தேவகோட்டையில் இருக்கிற தங்கை பதினைந்தாயிரம் அனுப்பிவிட்டார். அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தாராம், லைன் துண்டிக்கப்பட்டதாம். ஆஸ்பத்திரியில் இருப்பதால் எடுக்கவில்லை என்று நினைத்துவிட்டார்.

தங்கையை என் போனிலிருந்து அழைத்து, சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் பேசச் சொன்னோம். பணம் போன கணக்கு அவருடையது, ஆகவே புகாரும் அவர் பெயரில்தான். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். பணம் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பதினோராயிரத்தைப் போன கணக்கிலேயே நிறுத்தி வைத்தார்கள். மீதி நாலாயிரத்தை அவன் அதற்குள் எடுத்துவிட்டான்.

பிறகு ஆச்சியைக் கம்பெனியின் நேரடி ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். ஆதார் காட்டி, முகம் காட்டி, ஐந்தரை மணிக்குப் புதிய சிம் வாங்கினோம். அதோடு திருடனின் இ-சிம் அணைந்தது. 24 மணி நேரக் கணக்கும் அங்கிருந்து புதிதாகத் தொடங்கியது. வாட்ஸப்பை நாங்களும் குரல் அழைப்பு வழியாகத்தான் மீட்டோம். நாங்கள் குறியீடு போட்டவுடன் அவன் வெளியே போய்விட்டான். ஆனால் போவதற்கு முன் அவன் ஆறு இலக்க எண் ஒன்று வைத்திருந்தான். அது தெரியாததால் ஆச்சி ஏழு நாள் வாட்ஸப் இல்லாமல் இருக்க வேண்டியதாயிற்று. மெயிலின் பாஸ்வேர்டை அன்று இரவே மாற்றினோம். மகன் சிங்கப்பூரிலிருந்து, என் போனில் வீடியோ போட்டுப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆச்சி வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் கண்டனூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு மாலையில் வந்தார். காலையிலிருந்து சிக்னல் இல்லை, முந்தா நாள் கேட்காத ஓடிபி நாலைந்து வந்தது என்றார். இரண்டையும் அவர் சொன்னார், நான்தான் சேர்த்துப் பார்க்கவில்லை. சிம்மைத் துடைத்துப் போட்டு, "டவர் பிரச்சினை சார், காலையில் சரியாயிடும்" என்று அனுப்பிவைத்தேன். அவர் நம்பருக்கு ஒரு தடவை அழைத்துப் பார்த்திருந்தால் போதும். மறுநாள் மதியம் பாஸ்புக்கோடு வந்தார். ஓய்வூதியக் கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல் போயிருந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு டவர் இல்லை என்று யார் வந்தாலும் என் போனிலிருந்து அவர்கள் நம்பருக்கு ஒரு ரிங் விட்டுப் பார்க்காமல் நான் சிம்மைத் தொடுவதில்லை.

ஆச்சியின் போனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வாக்கில் முதல் குறுஞ்செய்தி வந்தது. கேஸ் சிலிண்டர் பதிவானதாக. உடனே எனக்குப் போன் செய்தார்கள். "தம்பி, இது நான் கேட்டதுதான். வெள்ளிக்கிழமை பதிஞ்சேன்" என்றார்கள்.